டயாலிசிஸ் நாட்களில் நாடியும் நீரும்: எந்த அளவைச் சொல்ல வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் தாதியாக வேலை செய்யும் என்னிடம், ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வருவோரும் அவர்களுக்குத் துணையாக வருவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். இவை இயந்திரத்தின் மூலம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் பெரியவர்களுக்கானவை. உங்கள் வைத்தியர் உங்களுக்கென்று வேறு எல்லை குறித்துத் தந்திருந்தால், இங்குள்ள எண்களை விட்டுவிட்டு அவர் குறித்ததையே பின்பற்றுங்கள்.

மிஸ், டயாலிசிஸ் அன்னைக்கு மட்டும் நாடி ஏன் இப்படி ஏறி எறங்குது?

இயந்திரம் நீரை எடுப்பது கால் வீக்கத்திலிருந்தோ வயிற்றிலிருந்தோ நேரடியாக அல்ல. குழாய் வழியே ஓடும் இரத்தத்திலிருந்துதான். இரத்தத்தில் நீர் குறையக் குறைய, தசையிலும் தோலுக்கடியிலும் தேங்கியிருக்கும் நீர் மெல்ல ஊறி இரத்தக் குழாய்க்குள் வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். லயத்துப் பீலியில் ஊறி வரும் தண்ணீரைவிட வேகமாக நாம் அள்ளினால் தொட்டி வற்றிவிடுவதைப் போல, ஊறி வருவதைவிட வேகமாக இயந்திரம் எடுத்தால் குழாய்க்குள் ஓடும் இரத்தத்தின் அளவு குறைந்துவிடும்.

அப்போது இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் இரத்தம் குறைவதால், அதை ஈடுசெய்யத் துடிப்புகளின் எண்ணிக்கையை அது கூட்டுகிறது. கை கால்களின் சிறிய இரத்தக் குழாய்களும் சுருங்குகின்றன. இந்த இரண்டும் சேர்ந்து சற்று நேரத்துக்கு இரத்த அழுத்தத்தை விழாமல் தாங்கிப் பிடிக்கும். ஆகவே பலரில் அழுத்தம் விழுவதற்கு முன்னரே நாடி ஏறத் தொடங்கும். அழுத்தக் கருவியின் மேல் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தவறவிடுவது இந்த முன்னறிவிப்பைத்தான்.

டிரை வெயிட்னு சொல்றாங்களே, அது எடைதானா, வேற ஏதாச்சுமா?

உடலில் மிகையான நீர் இல்லாமல், அதே சமயம் தலைசுற்றலோ தசைப்பிடிப்போ வராமல் ஒருவர் இருக்கக்கூடிய நிறையையே அப்படிச் சொல்கிறோம்; தமிழில் உலர் நிறை எனலாம். எந்தக் கருவியும் அதைத் துல்லியமாக அளந்து சொல்வதில்லை. வீக்கம், மூச்சு, அழுத்தம், நாடி ஆகியவற்றைப் பார்த்து வைத்தியர் அதைக் கணிக்கிறார். அது சரிதானா என்பதை அடுத்தடுத்த சுத்திகரிப்புகளில் சோதித்துப் பார்க்கிறார்.

இரண்டு சுத்திகரிப்புகளுக்கு இடைப்பட்ட சில நாட்களில் கூடும் நிறை ஏறத்தாழ முழுவதும் நீர்தான். 1 கிலோ கூடினால் 1 லீட்டர் நீர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்தக் குறுகிய காலத்தில் சதை வைக்காது. ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சதை கூடவும் செய்யும், குறையவும் செய்யும். அப்போது பழைய உலர் நிறை பொய்யாகிவிடும். இந்தப் பக்கத்தின் பிற்பகுதியில் வரும் சிக்கல்களில் பல அங்கிருந்தே தொடங்குகின்றன.

வீட்டுல என்னென்ன அளந்து எழுதி வைக்கணும்? எந்த நேரத்துல?

நிறை, இரத்த அழுத்தம், நாடி ஆகிய மூன்றும் போதும். நிறையைக் காலையில், கழிப்பறைக்குப் போய் வந்த பின்னர், எதுவும் குடிப்பதற்கு முன்னர் பாருங்கள். நமது பக்கத்துக் குளிரில் ஸ்வெட்டர், சால்வை, காலுறை என்று போட்டபடியே தராசில் ஏறுகிறார்கள். ஈரச் சப்பாத்தோடு ஏறுவோரும் உண்டு. ஒரு தடித்த ஸ்வெட்டர் அரைக் கிலோவைத் தாண்டும். வைத்தியசாலையில் அந்த அரைக் கிலோவும் நீர் என்றே கணக்கிடப்பட்டால், உடலில் இல்லாத அரை லீட்டரை இயந்திரம் இழுக்கப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் ஒரே வகையான மெல்லிய உடுப்போடு, வெறுங்காலோடு நில்லுங்கள்.

அழுத்தமும் நாடியும் பார்க்கும்போது, முதுகு சாய்த்து, கால்களைத் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏற்றம் ஏறி வந்த கையோடு பார்த்த எண் எதற்கும் உதவாது. பிஸ்டியூலா உள்ள கையில் ஒருபோதும் அழுத்தப் பட்டியைக் கட்டாதீர்கள். சுத்திகரிப்பு நாளில் காலையில் ஒரு முறையும், முடிந்து வீட்டுக்கு வந்த பின்னர் மாலையில் ஒரு முறையும் பாருங்கள். மாலையில் உட்கார்ந்து பார்த்த பின்னர், கட்டிலையோ மேசையையோ பிடித்தபடி எழுந்து நின்று, ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் ஒரு முறை பாருங்கள். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். "நிற்க முடியவில்லை" என்று எழுதி வைத்தால் அதுவே ஓர் அளவு.

பிரஷர் மெஷின்லயே நாடி வருதே, கையில வேற எண்ணணுமா?

கருவி எத்தனை என்று சொல்லும். ஒழுங்காகத் துடிக்கிறதா என்பதை நம்பகமாகச் சொல்லாது. சில கருவிகளில் ஒழுங்கற்ற துடிப்புக்கு ஓர் அடையாளம் தோன்றும் என்றாலும், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. சிறுநீரக நோயாளரில், குறிப்பாகச் சுத்திகரிப்பு நடக்கும் நேரத்திலும் முடிந்த சில மணி நேரத்திலும், உப்புச் சத்துகளும் நீரும் வேகமாக மாறுவதால் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலை தோன்றலாம். அப்போது கருவி ஒரு முறை 84 என்றும் அடுத்த நிமிடம் 117 என்றும் காட்டும். கருவி பழுது என்று எண்ணி அதை ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

பிஸ்டியூலா இல்லாத கையின் மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, இரண்டு விரல்களை மெல்ல வைத்து முழுமையாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது ஒழுங்கான நாடிக்குச் சரி. விட்டு விட்டு அடிக்கும் நாடிக்கு அது பிழையான விடை தரும். எண்ணோடு "ஒழுங்கு" அல்லது "ஒழுங்கில்லை" என்று ஒரு சொல்லும் எழுதுங்கள். இதுவரை ஒழுங்காக இருந்த நாடி புதிதாக ஒழுங்கு தவறியிருந்தால், எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி, குளிரில் விறைத்த விரலில் தவறான எண்ணைக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். கையைச் சூடாக்கிக்கொண்டு மறுபடி பார்க்க வேண்டும்.

முடிஞ்ச பொறகு நாடி 95 காட்டுது. இது கூடுதலா? பயப்படணுமா?

95 என்ற எண்ணைத் தனியாக வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. அமைதியாக இருக்கும் பெரியவருக்கு 60 முதல் 100 வரை பொதுவான எல்லை. வழக்கமாக 88 இருப்பவருக்கு 95 பெரிதல்ல. வழக்கமாக 68 இருப்பவர் ஒவ்வொரு சுத்திகரிப்புக்குப் பின்னரும் 95-க்குப் போய், அன்று மாலை முழுவதும் அங்கேயே நின்றால், 100-ஐத் தாண்டாவிட்டாலும் அதைச் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் நீர் எடுக்கப்படுகிறது என்பது அதன் பொருளாக இருக்கலாம். உலர் நிறை குறைவாகக் குறிக்கப்பட்டிருக்கும்போது இது அடிக்கடி காணப்படுகிறது: சாப்பாடு தேறிச் சதை வைத்தவரிடமிருந்து பழைய எண் வரும்வரை நீரை எடுத்துக்கொண்டே இருப்போம்.

வேறு காரணங்களும் உண்டு. இரத்தசோகை கூடினால் நாடி எந்நேரமும் வேகமாக இருக்கும். சுத்திகரிப்பு இல்லாத நாளிலும் குறையாது. கழுத்தில் கதீட்டர் உள்ளவருக்கு, இணைத்த சிறிது நேரத்தில் குளிரும் நடுக்கமும் வந்து நாடி ஏறினால், அது கதீட்டரில் கிருமித் தொற்று ஏற்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். "மலைக் குளிர்தானே" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். அங்கேயே, அப்போதே தாதியைக் கூப்பிடுங்கள்.

கட்டில்ல இருக்கும்போது பிரஷர் நல்லா இருந்துச்சு. எந்திரிச்சதும் தல கிர்ருங்குது. எது சரியான அளவு?

இரண்டும் சரியான அளவுகளே. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் வைத்தியர் தேடுகிறார். எழுந்ததும் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி. அதோடு நாடி 30 போல ஏறினால், குழாய்க்குள் நீர் போதவில்லை என்ற ஐயம் வலுப்படுகிறது. உட்கார்ந்து 126/74, நாடி 82. நின்று 102/66, நாடி 114 என்று கொப்பியில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி போதும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சுத்திகரிப்பு முடிந்த பின்னரும் சில மணி நேரத்துக்கு உடலுக்குள் நீர் இடம் மாறிக்கொண்டிருக்கும். வைத்தியசாலையில் சரியாக இருந்த அழுத்தம் வளைவுப் பாதையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது விழலாம். ஊசி எடுத்த உடனே ஓடிப் பஸ் பிடிக்காமல், கட்டிலில் கால் தொங்கப் போட்டுச் சில நிமிடம் இருந்து, பிறகு எழுந்து, நின்ற அழுத்தத்தைப் பார்த்த பின்னர் புறப்படுங்கள். நின்று பார்க்காமல் அனுப்பினால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

எங்க அப்பாவுக்குப் பிரஷர் 90-க்கு எறங்கினாலும் நாடி 64-லயே நிக்குது. அப்படின்னா ஒண்ணுமில்லதானே?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் பதிலில் சொன்ன ஈடுசெய்தல் எல்லோரிலும் நடப்பதில்லை. அட்டெனலோல், பிசோப்ரோலோல், கார்வெடிலோல் போன்ற மாத்திரைகள் இதயம் வேகம் கூட்டுவதைத் தடுப்பவை. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களிலோ, இதயத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகளே பழுதடைந்திருக்கும். இவர்களில் நாடி முன்னறிவிப்புத் தராது. அழுத்தம் சட்டென்று விழும். சிலரில் அழுத்தம் வேகமாக விழும் தருணத்தில் நாடி ஏறுவதற்குப் பதிலாகக் குறைந்து, அவர்கள் மயங்கியும் விடுவார்கள்.

இப்படிப்பட்டவருக்கு நாடியைவிட அவரது முகமும் பேச்சும் உதவும். கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பது, காது அடைப்பது, குமட்டல், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, கெண்டைக்கால் இழுப்பு, கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்வது ஆகியவை அழுத்தம் விழுவதன் முன்குறிகள். பக்கத்தில் இருப்பவர் இவற்றைக் கண்டால் அடுத்த அளவு எடுக்கும் நேரம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. தாதிக்குத் தெரிந்தால் நீர் எடுப்பதை நிறுத்தி, கால்களை உயர்த்தி, தேவைப்பட்டால் சிறிதளவு சலைன் கொடுத்து நிலைமையைச் சீராக்கிவிட முடியும்.

மூணு கிலோ கூடிருச்சு. இன்னைக்கே முழுசா எடுத்துருங்கன்னு கேட்டா ஏன் மாட்டேங்குறாங்க?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலர் நிறை 52 கிலோ உள்ள ஓர் அம்மா 55.1 கிலோவோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடியது 3.1 லீட்டர். கடைசியில் குழாயிலுள்ள இரத்தத்தைத் திருப்பிச் செலுத்தும்போது ஏறும் சலைனையும் இடையில் குடிப்பதையும் சேர்த்து 0.3 லீட்டர் என்றால், எடுக்க வேண்டியது 3.4 லீட்டர். நான்கு மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 850 மில்லிலீட்டர். அதை 52 ஆல் வகுத்தால், ஒரு கிலோ நிறைக்கு மணிக்கு 16 மில்லிலீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. 13-க்கு மேற்பட்ட வேகம் இதயத்துக்குத் தீங்கோடு தொடர்புடையது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், பல இடங்களில் 13-ஐயே எல்லையாகக் கொள்கிறார்கள். அந்த எல்லைக்குள் நின்றால் இந்த அம்மாவிடம் நான்கு மணி நேரத்தில் 2.7 லீட்டர்தான் எடுக்கலாம். முழு 3.4 லீட்டரையும் எடுக்க ஐந்து மணி நேரம் தேவை.

52 கிலோ உள்ளவரின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஏறத்தாழ மூன்றரை லீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். அநேகமாக அதே அளவு நீரை நான்கு மணி நேரத்தில் அதிலிருந்து எடுக்கிறோம். தசையிலிருந்து நீர் ஊறி வருவதால் மட்டுமே இது முடிகிறது. ஆகவே மீதியை அடுத்த முறைக்கு ஒத்திவைப்பதோ, நேரத்தைக் கூட்டுவதோ, இடையில் ஒரு நாள் கூடுதலாக வரச் சொல்வதோ உங்களை அலைக்கழிப்பதற்காக அல்ல. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் இடம் கிடைத்தவருக்கு இது இன்னும் கடினம். செவ்வாயும் வெள்ளியும் வருபவருக்கு வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில் நான்கு நாள் நீர் சேர்கிறது. அந்த நீண்ட இடைவெளியின் கடைசி நாளில் எடுத்த அளவுகளே மிகவும் பயனுள்ளவை. அவற்றைத் தவறாமல் எழுதுங்கள்.

தண்ணியே குடிக்கலையே மிஸ், எப்படிக் கூடுது?

பிளேன்டீயும் பால் தேநீரும் கஞ்சியும் ரசமும் தண்ணீர்தான். அதைவிடப் பெரிய காரணம் உப்பு. ஏறத்தாழ 8 கிராம் உப்பு உடலில் தங்கினால், அதைச் சமப்படுத்த ஒரு லீட்டர் நீரை உடல் வைத்துக்கொள்ளும். தாகமும் அந்த லீட்டரைக் குடிக்கும்வரை விடாது. கருவாட்டுக் குழம்பும், கட்டைச் சம்பலோடு ரொட்டியும் சாப்பிட்ட நாளுக்கு மறுநாள் நிறையைப் பாருங்கள். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்க முயல்பவர்கள் தோற்றுப்போவது இதனால்தான்.

வெயிட் அதேதான் இருக்கு, ஒழுங்கா 58-க்கு எறக்கித்தான் அனுப்புறாங்க. ஆனா பிரஷர் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. எப்படி?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனெனில் இங்கே நிறைக் கொப்பி சரியாக இருப்பதைப் போலவே தோன்றும். உதாரணத்துக்கு, உலர் நிறை 58 கிலோ என்று குறிக்கப்பட்ட ஒருவர் காய்ச்சலில் விழுந்து, மூன்று நான்கு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு முறையும் 58-இல்தான் முடித்து அனுப்புகிறோம். சுத்திகரிப்புக்குப் பின்னர் உட்கார்ந்து எடுத்த அளவுகளை வாரம் ஒன்றாகப் பார்த்தால் 134/78, 142/82, 148/84, 158/90 என்று போகிறது. நாடி 78-ஐச் சுற்றியே நிற்கிறது. நின்றாலும் அழுத்தம் குறையவில்லை, நாடியும் துள்ளவில்லை. காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருக்கிறார். இரவில் ஒரு தலையணையில் படுத்தால் இருமல் வருகிறது என்று இரண்டு வைத்துக்கொள்கிறார்.

நடந்தது என்னவென்றால், அவர் இரண்டு கிலோ சதையை இழந்திருக்கிறார். அந்த இடத்தில் இரண்டு லீட்டர் நீர் வந்து உட்கார்ந்திருக்கிறது. தராசு இரண்டையும் வேறுபடுத்தாது. இப்போது அவருடைய உண்மையான உலர் நிறை 56-க்கு அருகில் இருக்க வேண்டும். இந்த நிலையில் அழுத்த மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நீர் உள்ளேயே இருக்கும். ஒரு நாள் இரவு நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சுத் திணறலோடு ஓடி வர நேரிடும். ஆகவே அளவுகளோடு சேர்த்து, சாப்பாடு குறைந்ததையும், உடுப்பு தளர்ந்ததையும், தலையணை கூடியதையும் சொல்லுங்கள். வைத்தியருக்கு இந்த மூன்றும் அழுத்த எண்ணுக்கு நிகரான தகவல்கள்.

சரிசெய்யும்போது ஒரே நாளில் 56-க்கு இறக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் 300 முதல் 500 கிராம் வரை கீழே கொண்டுவந்து, தசைப்பிடிப்பு வருகிறதா, நின்றதும் நாடி துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். அது தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே புதிய உலர் நிறை நிற்கும். நீர் சரியான அளவுக்கு வந்த பின்னரும் அழுத்தம் முழுமையாக இறங்கச் சில வாரங்கள் எடுக்கும் என்பதால், இரண்டாவது வாரத்திலேயே "குறையவில்லையே" என்று மனம் தளர வேண்டாம்.

மத்தவங்களுக்கெல்லாம் டயாலிசிஸ்ல பிரஷர் எறங்குது. எனக்கு மட்டும் முடியுறப்ப ஏறுது. இதச் சொல்லணுமா?

ஒரு நாள் அப்படி ஆனால் குறித்து வையுங்கள். அடுத்தடுத்த பல முறைகளிலும் தொடக்கத்தைவிட முடிவில் மேல் எண் 10-க்கு மேல் ஏறியிருந்தால் சொல்லுங்கள். பல வேளைகளில் இதன் பின்னணியும் முந்தைய பதிலில் சொன்ன மறைந்திருக்கும் நீர்தான். சில மாத்திரைகள் சுத்திகரிப்பில் வெளியேறிவிடுவதும், இரத்தக் குழாய்கள் மிகையாகச் சுருங்குவதும் வேறு காரணங்கள். எது என்று வைத்தியர்தான் பிரித்தறிய வேண்டும்.

காலையில போடுற பிரஷர் மாத்திரைய டயாலிசிஸ் அன்னைக்கு விட்டுடலாமா?

நீங்களாக விடக் கூடாது, நீங்களாகக் கூட்டவும் கூடாது. சில மாத்திரைகளைச் சுத்திகரிப்பு முடிந்த பின்னர் போடச் சொல்வார்கள், சிலவற்றை வழக்கம்போல் காலையில் போடச் சொல்வார்கள். அது மாத்திரையைப் பொறுத்தது. நாடியைக் குறைக்கும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நாடி திடீரென்று பாய்ந்து ஏறும். அழுத்தம் விழுந்த நாட்களில் காலையில் எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று எழுதிக் காட்டினால், நேரத்தை மாற்றுவதா அளவை மாற்றுவதா என்று அவர்களால் தீர்மானிக்க முடியும்.

நாடி மெதுவா அடிச்சா இதயம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

சிறுநீரகம் செயலிழந்தவரில் அப்படி நம்பியிருக்க முடியாது. சிறுநீர் வழியே போக வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கினால், இதயத்தின் மின்னோட்டம் தளர்ந்து நாடி மெதுவாகும், பிறகு ஒழுங்கு தவறும், நின்றும் போகலாம். நீண்ட இடைவெளியின் கடைசி நாளிலும், ஒரு சுத்திகரிப்பைத் தவறவிட்ட பின்னரும் இந்த ஆபத்து கூடுதல். மண் சரிந்து பாதை அடைபட்டதால் வர முடியாமற்போன நாட்களில் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு போன்றவற்றைத் தாராளமாகச் சாப்பிட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை.

அட்டெனலோல் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறும் மருந்து என்பதால், அதுவும் உடலில் தேங்கி நாடியைக் குறைக்கும். பொட்டாசியமும் இத்தகைய மருந்தும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு நாடியை மிகவும் கீழே கொண்டுபோகக் கூடியவை. ஆகவே அமைதியாக இருக்கையில் நாடி 50-க்குக் கீழே போனாலோ, வழக்கத்தைவிட மிகவும் மெதுவாகிக் கால்களில் பலமில்லாமல், படி ஏற முடியாமல் இருந்தாலோ, அடுத்த சுத்திகரிப்பு நாள்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பொட்டாசியம் கூடியவர்களில் நாடி சாதாரணமாகவே இருப்பதும் உண்டு. பலவீனம் மட்டும் இருந்தாலும் போங்கள்.

பிரஷர் எறங்கின அன்னைக்கு ராத்திரி பிஸ்டியூலாவ தொட்டுப் பாக்கச் சொல்றாங்களே, எதுக்கு?

அழுத்தம் குறைவாக இருக்கும்போது பிஸ்டியூலாவில் ஓட்டம் மந்தமாகி இரத்தம் உறையக் கூடும். விரல்களை வைத்தால் எந்நேரமும் ஓர் அதிர்வு தெரிய வேண்டும். படுக்கப் போகும்போதும் காலையில் எழுந்ததும் தொட்டுப் பாருங்கள். அந்தக் கையைத் தலைக்கு அணைவாக வைத்துத் தூங்காதீர்கள். அதிர்வு நின்றிருந்தால் அது சில மணி நேரங்களுக்குள் பார்க்க வேண்டிய விடயம், அடுத்த கிளினிக்குக்குத் தள்ளிப்போட வேண்டியதல்ல. சீக்கிரம் போனால் அதைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது.

சரி, எதுக்கு ஒடனே ஓடணும், எத அடுத்த தடவ சொன்னாப் போதும்?

மேலே ஆங்காங்கே சொன்னவற்றை அவசரம் என்ற கோணத்திலிருந்து மட்டும் இங்கே பார்ப்போம். நெஞ்சு வலி, மயங்கி விழுதல், படுக்க முடியாத மூச்சுத் திணறல், அமைதியாக உட்கார்ந்திருந்தும் 120-க்கு மேல் நிற்கும் நாடி, 50-க்குக் குறைந்த நாடி, அறிகுறிகளோடு 90-க்குக் குறைந்த மேல் அழுத்தம், அழுத்திப் பிடித்தும் நிற்காத பிஸ்டியூலா இரத்தம் ஆகியவற்றுக்குத் தொலைபேசியில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 1990-ஐ அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பாதை மோசமான மேற்பிரிவுகளில் இருப்போர், அது வந்து சேரும் இடம்வரை நோயாளியைக் கொண்டுவருவது எப்படி என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். நோயாளியை நடக்க வைக்காதீர்கள்.

புதிதாக ஒழுங்கு தவறிய நாடி, நடுக்கத்தோடு காய்ச்சல், பிஸ்டியூலாவில் அதிர்வு நின்றது ஆகியவற்றை அன்றைக்கே காட்ட வேண்டும். சுத்திகரிப்புக்குப் பின்னர் நாடி வழக்கத்தைவிட 20-க்கு மேல் கூடி மாலைவரை நிற்பது, நின்றதும் விழும் அழுத்தம், வாராவாரம் ஏறும் அழுத்தம், மாறிய பசி, கூடிய தலையணை ஆகியவற்றை அடுத்த முறை இயந்திரத்தில் இணைப்பதற்கு முன்னர் சொல்லுங்கள். இணைத்த பின்னர் சொன்னால், எவ்வளவு நீர் எடுப்பது என்று ஏற்கெனவே தீர்மானித்து முடித்திருப்பார்கள்.

அங்க இருக்குற நர்ஸ்மாருக்குத் தமிழ் தெரியல, எனக்குச் சிங்களம் சரியா வராது. இதையெல்லாம் எப்படிச் சொல்றது?

எண்களுக்கு மொழி தேவையில்லை. கொப்பியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி போதும்: திகதி, காலை நிறை, காலை அழுத்தமும் நாடியும், மாலை உட்கார்ந்து எடுத்தது, மாலை நின்று எடுத்தது. உட்கார்ந்ததற்கு ஒரு நாற்காலியும் நின்றதற்கு ஒரு நேர்கோடும் வரைந்துவிடுங்கள். வழக்கத்துக்கு மாறான எண்ணைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, உள்ளே போனதும் நிறை பார்க்கும் இடத்திலேயே கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பைக்குள் வைத்திருந்து கடைசியில் எடுக்காதீர்கள்.

மூச்சு, மயக்கம், பசி போன்ற எண்ணால் சொல்ல முடியாதவற்றை, இரு மொழியும் தெரிந்த பக்கத்துக் கட்டில்காரரிடமோ, பாடசாலைக்குப் போகும் பிள்ளையிடமோ சொல்லிச் சிங்களத்தில் இரண்டு வரி எழுதி வாங்கி அதே பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். போடும் மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு சிறு பையில் போட்டு அந்தக் கொப்பியோடு சேர்த்தே கொண்டுவாருங்கள்.